நூற்றுக்கு மேல் பூட்டு

எங்கள் கல்லூரியில் பதினேழு கமிட்டிகள் உண்டு. அதில் யாருக்கும் வேண்டாதது போக்குவரத்துக் கமிட்டி. வணிகவியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த என்னை அதற்குப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். உறுப்பினரும் நான்தான். கூட்டம் நடத்துவது சுலபமாக இருந்தது.

அந்தக் கமிட்டியைத் தேடி வந்த ஒரே ஆள், வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பெண். ஊர் திருவாதவூர் தாண்டி. அந்தப் பக்கம் போகும் பஸ் கல்லூரி வாசலுக்கு நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு வரும். அதை விட்டால் ஆறே முக்காலுக்குத்தான். அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் லேப், நாலரை வரை. பஸ்ஸுக்காகப் பாதியில் ஓடிவந்ததில் லேப் வருகைப் பதிவு குறைந்துவிட்டது. இன்னும் குறைந்தால் செய்முறைத் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

"அஞ்சு மணி சுமாருக்கு ஒரு பஸ் விட்டாப் போதும் மேம். இல்லேன்னா அப்பா நின்னுக்கிரச் சொல்றாங்க. லேப்புக்குப் போகாம என்ன படிப்புன்னு கேக்குறாங்க," என்றாள்.

பஸ் பணிமனை மேலாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். "எந்த ஊர்ல இருந்து எம்புட்டுப் பேரு ஏறுவாகன்னு கணக்குக் குடுங்க மேடம். மேல அனுப்பி வாங்கித் தாரேன். சும்மா பிள்ளைக சிரமப்படுதுன்னு எழுதுனா பைலுக்குள்ளயே கிடக்கும்," என்றார்.

கணக்கெடுக்க ஆன்லைன் சர்வே போடலாம் என்று முதல்வர் முடிவு செய்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய மாதம் எங்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கம் நடத்தி ஒரு சர்வே கருவியைச் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். எந்த வரம்பும் இல்லாத இலவச ஃபார்ம் வேறு இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு நம்மகிட்ட சர்டிபிகேட் இல்லையே மேடம்," என்றார். சான்றிதழ் வைத்திருப்பவர்களிடம் வாதாட முடியாது. என்னிடமும் ஒன்று இருந்தது.

நான் இருபத்து மூன்று கேள்விகள் எழுதியிருந்தேன். பதினொன்றாவதைச் சேர்க்கப் போனபோது கருவி நிறுத்திவிட்டது. இலவசத் திட்டத்தில் ஒரு சர்வேக்குப் பத்து கேள்விகள்தான். பஸ்ஸில் வராதவர்களை நேராகக் கடைசிக் கேள்விக்கு அனுப்பும் வசதியின் பக்கத்தில் ஒரு சின்னக் கிரீடம் இருந்தது. கிரீடம் போட்டதெல்லாம் காசு கொடுத்தால்தான் திறக்கும். முடிவுகளை எக்செல்லாக இறக்கிக்கொள்வதற்கும் கிரீடம். அந்த நிறுவனத்தின் பெயரை அடியிலிருந்து எடுக்கவும் கிரீடம். ராஜ குடும்பம் மாதிரி இருந்தது அந்தப் பக்கம்.

ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம் மூன்றையும் ஒரே கேள்வியாக்கினேன். பத்தாவது கேள்வி, 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' அதை எடுத்துவிட்டுப் படிக்கும் துறையைக் கேட்கலாம் என்று கை போனது. எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல்வர் கையெழுத்துடன் சுற்றறிக்கை போனது. அதிலேயே லிங்க்கும் இருந்தது. அந்தப் பெண்ணை வராந்தாவில் பார்த்தபோது, "எதா இருந்தாலும் ஃபார்ம்லயே போட்டுரும்மா. எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும். நான் தினமும் பாப்பேன்," என்றேன். மாணவிகளுக்கு என் போன் நம்பர் கொடுப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மாணவிகள் மறுநாள் கம்ப்யூட்டர் லேபில் வகுப்பு வகுப்பாக நிரப்புவதாக ஏற்பாடு. அதற்குள் முதல்வர் ஒரு உதவி செய்தார். லிங்க்கைத் தன் குடும்ப குரூப்பில் போட்டு, 'நமது கல்லூரிக்காக அனைவரும் நிரப்பவும்' என்று எழுதினார். துறைத் தலைவர்கள் அதைத் தங்கள் குரூப்புகளில் போட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆனையூரில் எங்கள் தெரு குரூப்பில் போட்டார். நம் ஆட்களிடம் ஒன்றைக் கேட்டுவிட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். தாம்பூலத்துக்கு அழைத்த மாதிரி வந்து நிரப்பிவிட்டுப் போனார்கள். 'டன் மேடம்', 'டன் அக்கா' என்று சாயங்காலம் வரை என் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஐந்து மணி பஸ் மிக மிக அவசியம் என்று எழுதியிருந்தார். போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவையும் நிரப்பினார். கருவி இரண்டையும் எண்ணிக்கொண்டது. ஏறும் இடம் ஷார்ஜா என்று ஒருவர். முதல்வரின் மைத்துனர் பத்தாவது கேள்வியில் 'கல்லூரி மென்மேலும் வளர வாழ்த்துகள்' என்று போட்டிருந்தார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை பேர் நமக்காக நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாணவிகள் நிரப்பினார்கள். மதியம் திறந்து பார்த்தேன். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. நூறுதான் தெரிந்தது. மீதி அறுபத்து மூன்றும் மங்கலாக, மேலே பூட்டுப் படத்துடன் இருந்தன. இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு நூறு பதில்கள்தான் பார்க்கலாம். அதற்கு மேல் வருவதை வாங்கி வைத்துக்கொள்ளும், காட்டாது. இரண்டு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அழித்துவிடும். தெரிந்த நூறில் மாணவிகள் நாலு பேர். மற்ற தொண்ணூற்று ஆறும் சொந்தபந்தம்.

வங்கிக்காரரின் இரண்டாவது பதிலை அழித்துப் பார்த்தேன். ஒரு இடம் காலியாகும் என்று நினைப்பு. அழித்தாலும் அது கணக்கில் வந்தது வந்ததுதானாம். அடுத்த மாதம் பிறந்தால் புதிதாக நூறு கிடைக்கும், ஆனால் பூட்டியது திறக்காது. இன்னொரு சர்வே போடலாமா என்றால், வரம்பு சர்வேக்கு அல்ல, கணக்குக்கு. இன்னொரு மின்னஞ்சலில் புதுக் கணக்கு தொடங்கலாம் என்றேன். அதற்கு லிங்க் மாறும், லிங்க் மாறினால் சுற்றறிக்கை மாற வேண்டும். "போன சர்க்குலரை வாபஸ் வாங்குனா நம்ம மேல மரியாதை போயிரும் மேடம். பணம் கட்டித் திறந்துருவோம்," என்றார் முதல்வர்.

கல்லூரியில் எதை வாங்கினாலும் கொள்முதல் கமிட்டி மூன்று விலைப்புள்ளி கேட்கும். சாக்பீஸுக்கும் அதுதான் விதி. கடல் கடந்து இருக்கும் நிறுவனத்திடம் முத்திரை போட்ட விலைப்புள்ளி எங்கே வாங்குவது? மூன்று கருவிகளின் விலைப் பக்கங்களை அச்செடுத்து ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். ஒன்றில் கேள்விக்கு வரம்பில்லை, ஆனால் மாதம் பத்து பதில்தான் இலவசம். இன்னொன்றில் ஐந்து ஃபார்ம் வரைக்கும் போடலாம். எங்கள் பதில்கள் பூட்டிக் கிடந்ததோ மூன்றாவதில். மற்ற இரண்டையும் வாங்கினால் ஒன்றும் திறக்காது என்பதைக் கமிட்டிக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

"ஃப்ரீன்னு சொல்லித்தான மேடம் போட்டீங்க?" என்று இயற்பியல் துறைத் தலைவர் கேட்டார். ஆமாம் என்றேன். மாதக் கட்டணம் என்று பெரிதாகப் போட்டிருந்தது உண்மையில் வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் வருகிற கணக்கு, ஒரே ஒரு மாதத்துக்கு என்றால் அதைவிட அதிகம் என்று விளக்கினேன். மாதா மாதம் சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்றதும் கணக்காளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டாராம். கோப்பு மறுபரிசீலனைக்குப் போனது.

பதினாறாவது நாள் எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் கார்டை வாங்கி, அதில் வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் வசதியைத் திறந்து, ஒரு மாதத்துக்குக் கட்டினேன். ஓடிபி போட்ட மறு நிமிஷம் எல்லாப் பூட்டும் போய்விட்டது. கிரீடங்களும் போய்விட்டன. பதினாறு நாள் இழுத்த வேலை ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது.

அறுபத்து மூன்றில் திருவாதவூர்ப் பக்கம் மட்டும் நாற்பத்தொரு பேர். எக்செல்லில் இறக்கினேன். பத்தாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை, இல்லை, நன்றி மேம். நடுவில் ஒன்று இப்படி இருந்தது:

'மேம், வர்ற வெள்ளிக்கிழமை அப்பா டிசி வாங்க வாராங்க. பஸ் வருமா வராதான்னு மட்டும் சொல்லிருங்க. வரும்னு நீங்க சொன்னா அப்பாவை நிப்பாட்டிருவேன்.'

பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. அவள் சொன்ன வெள்ளிக்கிழமை போய் இன்னொரு வெள்ளிக்கிழமையும் போயிருந்தது.

அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவள் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் நம்பரை எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை அடித்து, மணி போகும்போதே வைத்துவிட்டேன். பஸ்ஸை வாங்கிக்கொண்டு போய்ப் பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

நாற்பத்தொரு பேர் பட்டியலைக் கொடுத்ததும் பணிமனை மேலாளர் சொன்னதைச் செய்தார். அடுத்த மாதமே ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குப் பஸ் வந்தது. முதல்வர் வாசலில் தேங்காய் உடைத்தார். கொள்முதல் கமிட்டியும் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. அன்றைக்கு நான் அந்தப் பஸ்ஸில் ஏறி அவள் ஊருக்குப் போனேன்.

அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். மேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம். அம்மா காபி கொடுத்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "உக்காருங்க டீச்சர்," என்றார். யார் முகத்திலும் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் திரும்பச் சேரலாம், நானே கூட இருந்து செய்கிறேன் என்றேன். "பாப்போம் டீச்சர்," என்றார் அவர்.

பஸ் நிறுத்தம் வரை அவள் கூட வந்தாள்.

"நான் எழுதுனத நீங்க பாக்கலையா மேம்?"

"பாக்க முடியலம்மா. பூட்டிருச்சு."

விளக்கினேன். இலவசத் திட்டம், மாதத்துக்கு நூறு, அதற்கு மேல் காசு. வகுப்பில் எடுப்பதுபோல் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவளும் வகுப்பில் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டாள்.

"தொறக்க எம்புட்டு ஆகும் மேம்?"

சொன்னேன்.

"அம்புட்டுத்தானா," என்றாள்.