இருநூற்றுப் பதினேழாம் தாள்

பல்கலைக்கழக உளவியல் துறையில் பதினாறு வருடமாக விடைத்தாள் திருத்துகிறவர் அவர். பேராசிரியரிலிருந்து காவலாளி வரை எல்லாருக்கும் அவர் ‘தாளக்கா’தான். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு மேசை, சிவப்புப் பேனா. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தத் தேர்வுக்குச் சரியான விடையே கிடையாது என்று கேட்டதும், “அப்புறம் எதை மேடம் திருத்துறது?” என்று பேராசிரியரிடமே கேட்டவர்.

பேராசிரியர் சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒரு சாதாரணப் பொருளின் பெயரைக் கொடுத்து, வழக்கமான உபயோகத்தை விட்டுவிட்டு வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று மூன்று நிமிடத்தில் எழுதச் சொல்வார்கள். பொருந்துகிற விடைகள் எத்தனை என்று எண்ணினால் அது சரளம். ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதினால் ஒன்றுதான். வழக்கமான உபயோகத்தையே எழுதியிருந்தால் கணக்கில் வராது. எழுதிய விடையை மொத்தக் கூட்டத்தில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது புதுமை. நூற்றுக்கு ஐந்து பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் பூஜ்யம். ஐந்துக்குக் கீழே என்றால் ஒன்று. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறாவிட்டால் இரண்டு.

“நிறைய எழுதுற பிள்ளைக்கு அதிர்ஷ்டத்துலயே ஒண்ணு ரெண்டு அபூர்வமா விழுந்துடும். அதனால ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, தனித்தனியா எழுதுங்க” என்றார் பேராசிரியர்.

அன்று பிடித்த பேனாதான். பிள்ளைகளின் கிறுக்கல் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு ஆனது. செங்கல்லைத் தலையணை ஆக்கியவனையும், குடையைத் திருப்பிப் போட்டு மீன் வளர்த்தவளையும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஐந்து வருடத்துக்கு முன்பு கணவர் இறந்தார். லாரி ஓட்டுநர். சுமை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினோராம் நாள் தாளக்கா மறுபடி படிக்கட்டு அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வயது மகளை வளர்க்க வேண்டியிருந்தது.

மகளுக்குப் பதினான்கு வயதான வருடம் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் தேர்வு நடந்தது. அவள் பள்ளியும் அதில் உண்டு. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; எந்த எண் யாருடையது என்பது பள்ளிக்குத்தான் தெரியும். அந்த முறை கொடுத்த பொருள், பழைய செருப்பு.

இருநூற்றுப் பதினேழாம் தாளில் மூன்றே விடைகள். பூச்சி அடிக்கலாம், அதை நூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். கதவு சாத்தாமல் முட்டுக் கொடுக்கலாம்; அதுவும் அப்படித்தான். மூன்றாவது: ‘வாசலில் வைக்கலாம்.’

அதன் கீழே ஒரு வரி எழுதி அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததை வாசிக்கக் கூடாது என்று விதி இல்லை, கணக்கில் சேர்க்கக் கூடாது என்றுதான் விதி. தாளக்கா விளக்கடியில் பிடித்து வாசித்தார். ‘அம்மா அழுறப்ப மடியில வச்சுக்கலாம்.’

அதற்கப்புறம்தான் ‘ழ’வின் நீண்ட வால் கண்ணில் பட்டது. மகளின் எழுத்து.

கணவர் போன பிறகு அவருடைய செருப்பைத் தாளக்கா வாசலிலேயே விட்டுவைத்திருந்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீட்டில் ஆம்பிளை இருப்பதுபோலத் தெரியட்டும் என்பதற்காக. மகளிடம் அதைச் சொன்னதில்லை, தூக்கிப்போட மனசு வரவில்லை என்று சொல்லியிருந்தார். விடிவதற்கு முன்னால் சில நாள் அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகள் அயர்ந்து தூங்குகிறாள் என்றுதான் ஐந்து வருடமாக நினைத்திருந்தார்.

அந்தத் தாளை அப்போதே பேராசிரியரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். கை ஓடவில்லை. சரளம் மூன்று என்று போட்டார். மூன்றாவது விடையை வேறு யாரும் எழுதவில்லை. புதுமை இரண்டு என்று போட்டுத் தாளைக் கட்டுக்குள் செருகிவிட்டார்.

ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவது வழக்கம். இரண்டாவது ஆள் ஓர் ஆராய்ச்சி மாணவி. தாளக்காவிடம்தான் வேலை பழகியவள். இருவர் மதிப்பெண்ணும் ஒத்துப்போகாத தாள்களை எடுத்து வைத்துப் பேராசிரியர் முன்னால் பேசித் தீர்ப்பார்கள். அந்த வாரம் எடுத்ததில் இருநூற்றுப் பதினேழும் இருந்தது.

“அக்கா, இது எப்படிச் சேரும்?” என்றாள் மாணவி. “செருப்பு வாசல்லதானே கிடக்கும். வழக்கமான உபயோகம். வேற யாரும் எழுதலைன்னா, எழுதுறதுக்கு அதுல ஒண்ணும் இல்லைங்கறதாலதான். நான் விட்டுட்டேன். சரளம் ரெண்டு, புதுமை பூஜ்யம்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் தாளக்கா விடவில்லை.

“கழட்டி வைக்கிறது இல்லம்மா அது. போட்டுக்க ஆள் இல்லாத செருப்பு. ஆள் இருக்கற மாதிரி காட்டறதுக்காக வைக்கிறது.”

“அப்படித் தாள்ல எழுதலியே அக்கா.”

“எழுதலை.” தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எனக்குத் தெரியும். அது எங்க வீட்டு வாசல். எம்பொண்ணு தாள். பார்த்ததும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் மேடம். சொல்லலை.”

மாணவியின் முகம் சுண்டிவிட்டது. “நானும் அக்கா போட்ட மார்க்கையே போட்டுடறேன் மேடம்” என்றாள் மெதுவாக.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மத்த நானூத்திப் பதினோரு பிள்ளைங்களுக்கும் பக்கத்துல உட்கார்ந்து அர்த்தம் சொல்ல அம்மா இல்லையே” என்றார். “தாள்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்குன்னு இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கதான்.”

“ஆமா மேடம்.”

“சொந்தப் பிள்ளை தாள்ங்கறதால உங்க மார்க்கை எடுத்துக்க முடியாது. வேற ஒருத்தர்கிட்ட கொடுக்கறேன். அவருக்கு எதுவும் சொல்லப் போறதில்லை.”

“அதான் முறை” என்றார் தாளக்கா.

வேறொருவர் திருத்தினார். அவரும் இரண்டு, பூஜ்யம் என்றே போட்டார். அன்று மாணவி படிக்கட்டு அறைக்கு வந்து வாசலில் தயங்கி நின்றாள். “அக்கா, நினைவுல இருந்து எழுதினதா, புதுசா யோசிச்சதான்னு நம்மால பிரிக்கவே முடியாதில்ல?”

“முடியாது. பிரிச்சா மட்டும் என்ன வந்துடப் போகுது, போய்ச் சாப்பிடு” என்றார் தாளக்கா. அவர் அன்று டப்பாவைத் திறக்கவில்லை.

ஆளுக்கொரு மதிப்பெண் சீட்டு தந்தால்தான் பிள்ளைகளை அனுப்புவோம் என்று பள்ளிகள் முன்பே நிபந்தனை போட்டிருந்தன. இரண்டு மாதம் கழித்துச் சீட்டு வீட்டுக்கு வந்தது. மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“எனக்குப் புதுமை பூஜ்யமாம்மா” என்றாள். அழவில்லை. “பக்கத்துல இருந்தவ பதிமூணு எழுதினா. எனக்கு ஒண்ணுமே தோணலை.”

அடித்த வரியைப் பார்த்தேன் என்று சொல்லத் தாளக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. தாளில் பார்த்ததை வெளியே பேசுவதில்லை என்று பதினாறு வருடம் முன்பே கையெழுத்துப் போட்டவர். அது மட்டும் காரணமில்லை. அந்தப் பெண் எழுதி, யோசித்து, அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அடித்த வரி அது.

“தோணினதை எல்லாம் எழுதணும்னு இல்ல கண்ணு” என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அந்தத் தேர்வைத்தான் திருத்துகிறவள் என்பது அவளுக்குத் தெரியும். “எங்க ஸ்கூல் கட்டு உங்கிட்ட வந்துச்சாம்மா?”

தாளக்கா உட்கார்ந்த இடத்திலேயே, பகல் வெளிச்சத்தில், மகளுக்கு முன்னால் முதல் தடவையாக அழுதார். மகள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் தாளக்கா திருத்தும் வேலையை விட்டு, துறை நூலகத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, கண் சரியாகத் தெரியவில்லை என்றார்.