எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும்

சோமனூர்ப் பக்கத்தில் பெண்களுக்குக் காட்டன் குர்த்தி தைக்கிற ஒரு கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். குர்த்தியில் தொங்குகிற அட்டைக்கு எங்கள் வட்டாரத்தில் டேக் என்றுதான் பெயர். அந்த டேக்கில் என்ன எழுதுவது என்று பார்த்து, அச்சகத்துக்கு அனுப்பி, புரூஃப் திருத்தி வாங்குவது என் பொறுப்பு. முன்பக்கம் எந்தெந்த அளவு, எந்தெந்த நிறம் கிடைக்கும் என்று இரண்டு வரி. பின்பக்கம் சைஸ் சார்ட். அதன் அடியில், வாங்கியதை மாற்றிக்கொள்வதற்கான நிபந்தனை. ஆள்காட்டி விரல் நீளத்துக்குக்கூட வராத அட்டை அது. அதற்குள் இத்தனை புரட்டு செய்ய முடியும் என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எழுதி அனுப்பியது இப்படி இருந்தது: 'M முதல் XXL வரை: மெரூன், பச்சை, கடுகு மஞ்சள், கறுப்பு, நேவி நீலம். 3XL: கறுப்பு, நேவி நீலம் மட்டும்.' உண்மை அதுதான். பெரிய அளவுக்குத் துணி அதிகம் பிடிக்கிறது என்று 3XL-ஐ அந்த இரண்டு நிறத்தில் மட்டும்தான் வெட்டினார்கள். சார்ட்டில் இரண்டு கட்டம் போட்டிருந்தேன். ஒன்று உடம்பின் மார்புச் சுற்று, பக்கத்தில் தைத்த துணியின் சுற்று. துணி உடம்பைவிட இரண்டு அங்குலமாவது கூட இருந்தால்தான் காட்டன் குர்த்தியில் கையைத் தூக்க முடியும். அதனால் XXL என்றால் உடம்பு 44, துணி 46. 3XL என்றால் உடம்பு 46, துணி 48.

மேனேஜர் புரூஃபைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "'மட்டும்'னு போட்டா நெகட்டிவா இருக்குதுங்க மேடம்" என்றார். அந்த வரியை அடித்துவிட்டு, 'M முதல் 3XL வரை எல்லா அளவிலும், எல்லா நிறத்திலும்' என்று எழுதினார். எழுத்து பெரிதாக வர வேண்டும் என்று சார்ட்டில் உடம்பு அளவுக் கட்டத்தையும் தூக்கிவிட்டார்.

"சார், இல்லாததை இருக்குதுன்னு எப்பிடிப் போடறது?"

"அதுக்குத்தான் கீழ 'இருப்பைப் பொறுத்து'ன்னு இருக்குதுங்களே."

"இருப்புல இல்லங்கறது வேற, தைக்கவே இல்லங்கறது வேறங்க."

அவர் சிரித்தார். நான் முதலாளியிடம் போனேன். தோட்டம் துரவு உள்ள குடும்பம், பேச்சில் ஒருநாளும் மரியாதை குறையாது. "அம்மணி, மேனேஜர் சொன்னா வெவரமாத்தான் சொல்லுவாருங்க. நீங்க அனுப்பிப்போடுங்க" என்றார். டேக் அச்சாகி, கட்டுக் கட்டாக வந்து இறங்கியது.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். நானே 3XL போடுகிறவள். கல்லூரிக் காலத்திலிருந்து என் அலமாரியில் கறுப்பும் கருநீலமும்தான். கடைக்காரப் பெண்கள், "இது உங்கள ஒல்லியாக் காட்டுங்க்கா" என்று சொல்லித்தான் எடுத்துப் போடுவார்கள். மாம்பழ மஞ்சளில் ஒரு உடுப்பு வேண்டும் என்று கேட்டால், ஏதோ ஆகாததைக் கேட்டதுபோல் பார்ப்பார்கள்.

சில வாரம் கழித்து உக்கடம் பக்கம் கடை வைத்திருக்கும் பாய் அலுவலகத்துக்குப் போன் செய்தார். எங்கள் சரக்கை ரொம்ப நாளாக வாங்கி விற்கிறவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "ஏனுங்க, நாளைக்கு உங்க கம்பெனில இருந்து யாராச்சும் என் கடைக்கு வந்தாகோணும். கஸ்டமருக்கு மூஞ்சிக்கு நேரா நீங்களே பதில் சொல்லுங்க. இனி என்னால பொய் சொல்ல முடியாதுங்க." மேனேஜர் என்னைப் பார்த்து, "டேக் விசயந்தானுங்க, நீங்களே போயிட்டு வந்துருங்க" என்றார்.

போனேன். கடையில் பாய் கல்லாவில் இருந்தார். எதிரே ஸ்டூலில் ஒரு பெண், மடியில் துணிப்பை. வால்பாறையில் எஸ்டேட் வேலை. என்னைப் போலவே நல்ல பருமன். தம்பிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அக்கா தங்கைகள் நான்கு பேரும் ஒரே நிறத்தில் உடுத்த ஆசைப்பட்டு, மூத்தவரான இவர் நான்கு மெரூன் குர்த்தி வாங்கிப் போயிருக்கிறார். வாங்கும்முன் வீட்டிலேயே டேப் வைத்து அளந்திருக்கிறார். 46. டேக்கில் 46 என்பதற்கு நேரே XXL என்று இருந்தது. அது துணியின் அளவு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? வீட்டில் போட்டுப் பார்த்தால் அக்குளில் இறுக்கிப் பிடித்திருக்கிறது.

தன் குர்த்தியை டேக் கழற்றாமல், துவைக்காமல், பில்லோடு, சொன்ன கெடுவுக்குள் கொண்டுவந்திருக்கிறார். அட்டையில் கேட்டிருந்த எல்லாவற்றையும் அந்தப் பெண் செய்திருந்தார். பாய் எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு மெரூனில் 3XL கேட்க, மேனேஜர், "ஸ்டாக் முடிஞ்சுருச்சுங்க, அடுத்த வாரம் வரும்" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி அந்தப் பெண் மலை ஏறிப் போய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மறுபடியும் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கிறார். முந்தின நாள் பாய் கேட்டபோதும் மேனேஜர் அதே 'முடிஞ்சுருச்சு, அடுத்த வாரம்' பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.



"நீங்கதான் இந்த அட்டையில எழுதறவங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஆமாங்க. ஆனா இந்த வரி நான் எழுதுனது இல்லீங்க."

"யாரு எழுதுனா என்னங்க? அடுத்த வாரமாச்சும் வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க."

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன்: "வராதுங்க. மெரூன்ல அந்த அளவு நாங்க வெட்டவே இல்லீங்க. கறுப்பும் நேவியும்தான் இருக்குது."

அந்தப் பெண் பையிலிருந்து குர்த்தியை எடுத்து மேசைமேல் வைத்தார். "என் தம்பிய நாந்தான் தூக்கி வளர்த்தேன். அவன் நிச்சயத்துல தங்கச்சிங்க மூணு பேரும் மெரூன்ல நிக்க, நான் மட்டும் கறுப்புல நிக்கணுமா? நல்ல காரியத்துக்குக் கறுப்பு உடுத்துவாங்களா? உடம்பு பெருசா இருந்தா நல்லது கெட்டது கிடையாதா எங்களுக்கு?"

பாய் தன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, முடிஞ்சுருச்சுன்னுதானே எங்கிட்ட சொன்னாங்க? ரெண்டு தடவ என் வாயால இவங்களுக்குச் சொல்ல வெச்சாங்களே" என்றார் என்னிடம். எழுந்து போய் அலமாரியிலிருந்து எங்கள் கம்பெனிச் சரக்கை எல்லாம் எடுத்துத் தரையில் போட ஆரம்பித்தார். "பச்சையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். இந்த அட்டை தொங்கற ஒரு பீஸும் என் கடையில இருக்கக் கூடாது."

நான் வெளியே வந்து முதலாளிக்கே போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். 3XL வெட்டுவதற்கான பேட்டர்ன் கைவசம் இருக்கிறது, மெரூன் துணியும் இருக்கிறது, சாம்பிள் தைக்கிற இடத்தில் ஒன்று தைத்துக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"ஒரு பீஸுக்குன்னு வெட்டுனா நாளைக்கு எல்லாருமில்லீங்க கேப்பாங்க?" என்றார் அதே இதமான குரலில்.

"கேக்கட்டுங்க. எல்லா நிறத்துலயும் இருக்குதுன்னு நாமதானே அச்சடிச்சுக் குடுத்திருக்கறோம்? கேக்கத்தான் செய்வாங்க."

"நீங்க கோவப்படாதீங்க அம்மணி."

"கோவப்படாம எப்பிடிங்க இருக்கறது? அந்தம்மா ரெண்டு தடவ மலை எறங்கி வந்துருக்கறாங்க. பாய் நம்ம சரக்க மூட்டை கட்டிட்டு இருக்கறாரு. வேணும்னா நீங்களே பேசுங்க." உள்ளே போய், ஸ்பீக்கரில் போட்டு, போனைப் பாயிடம் கொடுத்தேன்.

பாய் கத்தவில்லை. "முதலாளி, கிழிசல் வந்தா வாங்கி வெச்சுக்குவேன், சாயம் போனா சமாளிச்சுக்குவேன். என்னைப் பொய்யனாக்கிப்போட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். அப்புறம்தான் மறுமுனையிலிருந்து, "சரிங்க, தெச்சுக் குடுக்கச் சொல்றேனுங்க" என்று வந்தது. அந்தப் பெண் கேட்டபோது கிடைக்காத பதில், கடைக்காரர் சரக்கைத் திருப்பியதும் கிடைத்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாம்பிள் பிரிவில் தைக்கும்போது இன்னொரு சிக்கல். கைவசம் இருந்த மெரூன் வேறு சாயத் தொட்டியில் தோய்ந்து வந்தது. பழையதோடு சேர்த்துப் பிடித்தால் ஒரு சாயல் இருட்டு. தனியாகப் பார்த்தால் தெரியாது, நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தெரியும். "கண்டுக்க மாட்டாங்க மேடம்" என்றார் மேனேஜர். அந்த வார்த்தையோடு எனக்குப் பொறுமை போயிற்று. நான்கையும் புதுத் துணியிலேயே தைத்து, நான்கையும் மாற்றிக் கொடுத்தால் தவிர நான் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தங்கைகள் மூன்று பேரும் தங்கள் டேக்கை ஏற்கெனவே வெட்டிப் போட்டிருந்தார்கள். நிபந்தனைப்படி அவை மாற்றத்துக்கு ஆகாது என்று மேனேஜர் அட்டையை எடுத்து நீட்டினார். நான் அட்டையைத் திருப்பி, முன்பக்க வரியைப் படிக்கச் சொன்னேன். படிக்கவில்லை. நான்கையும் மாற்றிக் கொடுக்கச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்கு குர்த்தியும் பாய் கடைக்குப் போயின. மூன்றாவது தடவையாக அந்தப் பெண் வர வேண்டாம் என்று, பாயே வால்பாறை பஸ் கண்டக்டரிடம் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது, மூத்தவருக்கு அளவு சரியாக இருந்தது என்று பாய் போனில் சொன்னார். அந்தப் பெண் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தனக்குச் சேர வேண்டியதை மூன்று வாரம் தாமதமாக வாங்கியவர் யாருக்கு நன்றி சொல்வது?

3XL-ஐ இனி மெரூனிலும் வெட்ட ஒப்புக்கொண்ட முதலாளி, பழைய டேக் கட்டுகள் தீரும்வரை அவற்றையே போடச் சொன்னார். அச்சடித்ததைத் தூக்கிப்போட மனசு வரவில்லை அவருக்கு. நான் ஸ்டிக்கர் அடித்து வாங்கினேன். செக்கிங் பிரிவுப் பெண்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையிலும் அந்த வரிமேல் ஒட்டினேன்: '3XL: கறுப்பு, நேவி, மெரூன் மட்டும்.' பின்பக்கம் உடம்பு அளவுக்கு இன்னொரு ஸ்டிக்கர். ஒட்டிக்கொண்டே ஒரு பெண், "மஞ்சள்ல எப்பங்க்கா வெட்டுவாங்க?" என்று கேட்டாள். அவளும் என் உடல்வாகுதான்.

அடுத்த சீசனுக்கு மேனேஜர் உற்சாகமாக வந்தார். "இந்தத் தொல்லையே வேண்டாமுங்க மேடம். ஃப்ரீ சைஸ்னு போட்டுரலாம். சார்ட்டும் வேண்டாம், மாத்தறதும் வேண்டாம்."

மேசையிலிருந்த அளவு டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எழுந்து நின்றேன்.

"முதல்ல என்னை அளந்து பாருங்க. அப்புறம் அந்த ஃப்ரீ சைஸ் எத்தனைன்னு சொல்லுங்க, அச்சுக்கு அனுப்பறேன்."

அவர் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். சார்ட் இரண்டு கட்டத்தோடு அச்சுக்குப் போனது. மஞ்சள் இன்னும் வெட்டவில்லை.