எண் இல்லாத பத்திகள்

கண்டி நகரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். பார்வையற்ற மாணவர்களின் பாடநூல்களைக் கணினி வாசித்துச் சொல்லக்கூடிய கோப்புகளாக மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும், வாரத்தில் இரண்டு நாள் தலைகாட்டும் பொறுப்பாளரும். குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து சேர்ந்தால், பின்னேரம் வரைக்கும் என்னோடு பேசுவது கணினியின் குரல் மட்டும்தான். அதனால்தானோ என்னவோ, மனிதர்கள் வந்து கேள்வி கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடும்.

அந்தப் பெண் திகனயிலிருந்து வருவாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், வரலாறு. பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுடைய அண்ணன், அவள் நானா என்று கூப்பிடுபவர், பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டுக் கீழே தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஒரு நூலை வாசித்து எழுதிக் கொடுக்கவேண்டிய அந்த வருடத்து ஒப்படையை நன்றாகச் செய்தால்தான் அவளுக்குச் சிறப்புப் பட்ட வகுப்பில் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் பொதுப் பட்டத்தோடு போகவேண்டியதுதான். இதை அவள் என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஒப்படைக்குரிய நூல் தோட்டத் தொழிலாளர் வரலாறு பற்றியது. பிடிஎஃப்பாக வந்திருந்தது. நான் அதிலிருந்து எழுத்துகளை அப்படியே உருவி அனுப்பினேன். அடுத்த வாரமே வந்து நின்றாள்.

"மிஸ், ஒரு வசனம் பாதியில நிக்குது. பொறகு 'பன்னிரண்டு, மேலது, பக்கம் நாப்பது' எண்டு செல்லுது. அதுக்குப் பொறகுதான் மத்தப் பாதி வருது. இன்னொரு எடத்துல பொம்புளைங்க மலையேறுறாங்க, நடுவுல ஒரு இறாத்தல் எத்தன அவுன்ஸ் எண்டு வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. விஷயம் இதுதான். பிடிஎஃப்புக்குப் பத்தி என்றால் என்னவென்று தெரியாது. இந்த எழுத்து, இந்தப் பக்கத்தில், இந்த இடத்தில், இந்த அளவில் என்பதை மட்டும்தான் அது வைத்திருக்கும். பக்கத்தின் அடியில் இருக்கும் குறிப்பை நம் கண் தானாகவே தாண்டிப் போய்விடும். மேலிருந்து கீழே வாசிக்கும் இயந்திரம் தாண்டாது. பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்குப் போகும் வசனத்தின் நடுவில் அடிக்குறிப்பைச் செருகிவிடும். ஓரத்தில் கட்டம்போட்டு அச்சிட்ட பெட்டிச் செய்தியையும் பக்கத்து வரியோடு வரியாகச் சேர்த்து வாசித்துவிடும்.

"போயிட்டு வாங்க மகள், நான் சுத்தமா செஞ்சி தாறேன்" என்றேன்.

செய்தும் கொடுத்தேன். சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதினேன். பெட்டிகளுக்குப் பின்னால் சாம்பல் நிறக் கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் விழுந்த எழுத்தையெல்லாம் தனிக் கோப்பில் போட்டேன். நூலின் முதன்மை எழுத்தின் அளவு பதினொரு பொயின்ட், அடிக்குறிப்பு ஒன்பது. ஒன்பது பொயின்ட் அளவில், எண்ணோடு தொடங்கும் துண்டுகளை அத்தியாயத்தின் கடைசிக்கு நகர்த்தினேன். அதே அளவில் இருந்தும் அப்படி எண்ணும் எழுத்துமாகத் தொடங்காத துண்டுகளைத் தூக்கி எறிந்தேன். அவை பக்கத் தலைப்புகள், பக்க எண்கள், படங்களுக்குக் கீழே வரும் வரிகள் என்று நினைத்தேன். நான்கைந்து பக்கம் ஓட்டிப் பார்த்தேன், எறிபட்டது குப்பைதான். பிறகு பாதியில் அறுந்த வசனங்களை அடுத்த பக்கத்தோடு ஒட்டினேன். திரையில் பார்த்தபோது பத்திகள் ஆறு மாதிரி ஓடின. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அவளும் சந்தோஷப்பட்டாள். ஒரேயொரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"மிஸ், சில எடத்துல 'அவர்களே சொல்வதைக் கேட்போம்' எண்டு வருது. பொறகு ஒண்டும் சொல்லாம அடுத்த விஷயத்துக்குப் பெய்த்துர்ராரு. ஏதும் உட்டுப் பெய்த்தா?"

அன்றைக்கு என் மேசையில் இன்னும் இரண்டு நூல்கள் கிடந்தன. மூலத்தைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்க்க எத்தனை நேரம் போயிருக்கும்? ஒரு நிமிடம்கூடப் போயிருக்காது. நான் பார்க்கவில்லை.

"ஒன்னும் போகல. எல்லாம் இருக்கு. அந்த மனுசன் எழுதுற விதமே அப்படித்தான்" என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் கெட்டிக்காரி. என்னிடமிருந்து கிடைத்ததை வைத்து ஒழுங்காக யோசித்தாள். தொழிலாளரைப் பேசவிடுகிறேன் என்று இந்த ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஆனால் ஓர் இடத்திலாவது அவர்களுடைய ஒரு வார்த்தையைக்கூடத் தரவில்லை, இதுவே இந்த நூலின் பெரிய குறை என்று ஒப்படையில் எழுதினாள். நான்கு பக்கத்துக்கு அதையே நிறுவியிருந்தாள்.

ஒப்படை திரும்பி வந்ததும் நானாவோடு மாடியேறி வந்தாள். கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது. நானாதான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். நூலைத் திறந்தே பார்க்காமல் எழுதப்பட்ட ஒப்படை, என்று இருந்தது. ஒப்படையில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். எழுதியவள் எப்படி வாசிப்பாள் என்பது திருத்தியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் பிடிஎஃப்பைத் திறந்தேன். தொழிலாளர்களின் சாட்சியங்கள் முப்பதுக்கும் மேல் இருந்தன. மேற்கோள் என்பதைக் காட்ட அவற்றை உள்ளே தள்ளி, ஒன்பது பொயின்டில் அச்சிட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றுக்கும் எண் இல்லை, அதனால் எல்லாமே குப்பையோடு போயிருந்தன. நான் ஓட்டிப் பார்த்த நான்கைந்து பக்கங்களும் முன்னுரையில் இருந்தவை. அங்கே சாட்சியம் இல்லை. அடிக்குறிப்பு பக்கத்தின் அடியில்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அளவோடு இடத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த கதையைச் சொல்லியிருந்த பெண்ணின் சாட்சியத்தை வாசித்துக் காட்டினேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கடைசிவரை கேட்டிருந்தாள்.

"நான் விரிவுரையாளருக்குக் கடிதம் எழுதுறேன், மகள். பிழை என்னோடதுன்னு எழுதுறேன்" என்றேன்.

"வேணாம் மிஸ். கண் தெரியாத புள்ள, பாவம் எண்டு மார்க்ஸ் போடுவாங்க. அது எனக்கு வேணாம்."

நானா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கையை அழுத்தி நிறுத்தினாள். நானும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது. அவளுக்குச் சிறப்பு வகுப்பு கிடைக்கவில்லை.

நிரலை அன்றே திருத்தினேன். பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே இருப்பது மட்டுமே இப்போது குறிப்பு. எதையும் எறிவதில்லை. சந்தேகமான துண்டெல்லாம் ஒரு பட்டியலில் வந்து விழும், ஒவ்வொன்றாக நானே பார்ப்பேன். இப்போது கோப்புகள் நன்றாகவே வருகின்றன. மற்ற மாணவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த தவணையில் அவள் இன்னொரு நூலோடு வந்தாள். திருத்திய முறையைப் பற்றி நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்குச் சும்மா உருவினதையே தாங்க மிஸ். குறிப்பு குறுக்க வந்தா வரட்டும். வந்தா, வந்தீக்கு எண்டு வெளங்கும். இல்லாமப் போனத நான் என்னண்டு கண்டுபுடிக்கிற?"

"இல்ல மகள், இப்ப நான் எல்லாத்தையும் பாக்குறேன்."

"அன்டைக்கும் எல்லாம் ஈக்கு எண்டுதானே சென்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவளுடைய பென்டிரைவை வாங்கி, அவள் கேட்டபடியே போட்டுக் கொடுத்தேன்.