பார்க்கலாம் என்று எழுதினேன்

அந்தப் பெண்ணின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. நான் அதைத் தாளில் அச்செடுத்துப் படித்தேன். வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்த காலத்துப் பழக்கம். தாளில் இருந்தால்தான் எனக்குத் தவறுகள் தெரியும்.

ஓய்வுபெற்ற பிறகு கோலா சிலாங்கூரில் எங்கள் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டலில் நானும் சேர்ந்திருந்தேன். தொழில் தொடங்க நினைக்கும் பட்டதாரிகள் ஒவ்வொருவருக்கும் எங்களைப் போன்ற கிழவர் ஒருவரை ஒதுக்கினார்கள். எனக்கு வந்தவள் அசாம் ஜாவாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்துப் பெண். உணவுத் தொழில்நுட்பம் படித்து, ரவாங்கில் ஓர் உணவு ஃபேக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்தாள். கெட்டிக்காரி. கூட்டத்தில் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை உட்கார மாட்டாள்.

கடிதத்தில் மூன்று யோசனைகள் இருந்தன. முதலாவது தேங்காய்ப்பால். சுங்கை ஆயர் தாவாரில் அவளுடைய மாமாவுக்குத் தென்னை உண்டு. பாலைப் பிழிந்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, உறையவைத்துச் சிறு உணவுக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்றாள். இரண்டாவது செம்பனை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் வெட்டும் பழக்குலைகளை வாட்சப் குழு வழியாக ஒன்றுசேர்த்து ஒரே லோரியில் ஏற்றி எண்ணெய் ஆலைக்கு அனுப்புவது. மூன்றாவது வேன். தோட்டங்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளை வாரம் மூன்று முறை மையத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவிடுவது. 'எங்கள் பக்கம் பஸ் இல்லை, சார். கைப்பேசியில் கூப்பிட்டால் கார்களும் உள்ளே வருவதில்லை. என் அம்மாவும் இப்படித்தான் அவதிப்படுகிறார்' என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: 'எதில் இறங்கலாம் என்று நீங்கள் சொன்னால் அதில் இறங்குகிறேன்.'

அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது. கடன் கேட்டு வந்தவர்கள் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் முடிவோடு வருவார்கள். நான் பணம் உண்டு, இல்லை என்பதை மட்டும் சொல்வேன். இவளோ முடிவையே என் கையில் வைத்துவிட்டாள்.

முதல் இரண்டுக்கும் தைரியமாகப் பதில் எழுதினேன். தேங்காய்ப்பால் அவள் படித்த படிப்புக்கு ஏற்றது, ஆனால் கடைவரை குளிர் விடாமல் கொண்டுபோக வேண்டும், அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் தொடங்கக் கூடாது, முதலில் நாலைந்து கடைகளுக்குக் கொடுத்துப் பார் என்றேன். செம்பனைப் பழம் வெட்டிய பிறகு காத்திருக்காது, வாங்கி விற்க உரிமம் வேண்டும், சிறு விவசாயிகள் பலர் ஏற்கெனவே ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டிருப்பார்கள், இது வேண்டாம் என்றேன்.

மூன்றாவதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டியிருந்தது. கூலி வாங்கி ஆள் ஏற்ற வண்டிக்குத் தனி உரிமம் வேண்டும், ஓட்டுநருக்கும் வேண்டும். சொந்த வண்டிக்கு எடுக்கும் காப்புறுதி கூலிக்கு ஏற்றும் பயணிகளுக்குச் செல்லாது. விபத்து நடந்தால் எல்லாம் அவள் தலையில் விழும். இவ்வளவும் எனக்குத் தெரியும். இதே காரணத்துக்காக எத்தனையோ வேன்காரர்களின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். ஆனால் கடிதத்தில் அவள் அம்மா இருந்தார். அந்த இடத்தில் இல்லை என்று எழுதக் கை வரவில்லை. 'மூன்றாவது நல்ல மனசிலிருந்து வந்த யோசனை. பார்க்கலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பார்க்கலாம். வங்கியில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான். மேசைக்கு எதிரே இருப்பவர் மனம் நோகாமல் எழுந்து போக வேண்டும் என்றால் பார்க்கலாம் என்பேன். அவர்களுக்கும் புரியும். திரும்ப வர மாட்டார்கள்.

பிறகு அவளிடமிருந்து பல வாரங்கள் ஒன்றும் வரவில்லை. தேங்காய்ப்பாலில் இறங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் கேட்கவில்லை. ஒரு காலை கைப்பேசியில் ஒரு படம் வந்தது. வெள்ளை வேன், கதவருகே அவள், உள்ளே மூன்று முகங்கள். கீழே, 'சார் சொன்ன மாதிரியே ஆரம்பிச்சிட்டேன். வேலைய விட்டுட்டேன். மாமா வேன். இன்னையோட மூணாவது வாரம்.'

படத்தைப் பெரிதாக்கி வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தேன். உரிமம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. ஓட்டும்போது என் அழைப்பை எடுக்கப்போய் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து நிறுத்தினேன். வெளியே மழை பிடித்திருந்தது.

டயாலிசிஸ் மையம் டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வேன் இல்லை. உள்ளே தாதியிடம் அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"இன்னும் வரல, அங்கிள். அந்த வேன்ல வர்ற மூணு பேருமே வரல. மழை லா, லேட்டாகும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்தேன். அசாம் ஜாவா சாலையை நினைத்துப் பார்த்தேன். செம்பனைப் பழ லோரிகள் குலைகளைக் குவித்துக்கொண்டு வரும். மழையில் வழியெல்லாம் சேறு தெறிக்கும். ஒவ்வொரு வளைவிலும் அந்த வெள்ளை வேன் என் கண்ணுக்குள் கவிழ்ந்தது. உள்ளே இருப்பவர்கள் தாமாக எழுந்து வெளியே வரக்கூடியவர்கள் அல்ல. நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு 'வேண்டாம்'. அதைச் சொல்லியிருந்தால் இப்போது அவர்கள் அந்தச் சாலையில் இருந்திருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. எந்தக் கடவுளையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தோன்றவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேன் வந்தது. இடப்பக்கக் கண்ணாடி இல்லை. கதவில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஒரு கீறல். அவள் இறங்கிய வேகத்தில் செருப்பு வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. வெறுங்காலோடு சுற்றி வந்து கதவைத் திறந்தாள்.

முதலில் இறங்கியவர் பழைய லோரி ஓட்டுநர் ஒருவர். என்னைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகல லா. லோரிக்காரன் உரசிட்டுப் போயிட்டான். நம்ம புள்ள ரோட்டோரக் கான் பள்ளத்துக்குள்ள விடாம நிறுத்திடுச்சி. நானா இருந்தா உள்ள விட்டிருப்பேன்" என்றார்.

"சும்மா வாங்க தாத்தா, லேட்டாயிடுச்சி" என்றாள் அவள்.

மூவரும் உள்ளே போய் இயந்திரங்களோடு இணைக்கப்படும்வரை அவள் ஓடிக்கொண்டிருந்தாள். பிறகு கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நேராகச் சொன்னேன். உரிமம் இல்லாமல் கூலி வாங்கி ஓட்டுவது சட்டப்படி குற்றம். இந்த வண்டியின் காப்புறுதி இவர்கள் மூவருக்கும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காது. இன்று அந்த லோரி இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால்...

"தெரியுமா சார் உங்களுக்கு? அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சார் பார்க்கலாம்னு எழுதுனீங்க?"

"வேண்டாங்கிறதத்தான் அப்படி எழுதினேன்."

மழை ஐந்தடியின் விளிம்பில் ஒழுகியது.

"அப்பா சொன்னாரு" என்றாள். "உங்க கடிதத்தப் படிச்சிக் காட்டுனேன். 'தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட லயத்து வீட்டுக் கூரைய மாத்திக் குடுங்கன்னு கேப்போம், பார்க்கலாம்பாரு, அதுக்கு இல்லன்னு அர்த்தம்மா'ன்னு சொன்னாரு. நான்தான் சண்டை போட்டேன். சார் அந்த மாதிரி ஆளு இல்லப்பா, மத்த ரெண்டுக்கும் குறை சொல்லியிருக்காரு, இதுக்கு ஒரு குறையும் சொல்லல, சேர்ந்து பார்க்கலாம்னு சொல்றாருன்னேன்."

என் கடிதத்தை அவள் படித்த விதம்தான் சரி. குறை எழுதியவற்றை விட்டுவிட்டு, குறை எழுதாததைப் பிடித்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். ஆபத்து எங்கே அதிகமோ அங்கே நான் குறைவாக எழுதியிருந்தேன்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். "எனக்குச் சொல்லப் பயம்."

"இப்ப சொல்லுங்க. நிறுத்தணுமா, வேணாமா? அந்தச் சொல்லு மட்டும் வேணாம்."

"நிறுத்து. உரிமம் கையில வர்ற வரைக்கும் ஓட்டாத."

"நாளன்னைக்கு இவங்கள யாரு கொண்டாருவா?"

அவள் கேட்டது தொழில் கேள்வி அல்ல. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் சேரும், மூச்சு வாங்கும். அவள் அம்மாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை அப்படி ஆகியிருந்தது என்று அன்றுதான் சொன்னாள்.

நான்கு மணி நேரம் கழித்து மூவரும் சோர்ந்து வெளியே வந்தபோது என் காரில் ஏற்றிக்கொண்டேன். கூலி இல்லாமல் தெரிந்தவர்களை ஏற்றிப்போகிறேன், அவ்வளவுதான். வேனை அவள் காலியாகப் பின்னால் ஓட்டி வந்தாள். லோரி ஓட்டுநர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், வளைவுல பிரேக்க இப்படி மிதிக்காதீங்க, வண்டி வழுக்கும்" என்றார். தோட்டம் வரை என் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன.

இது நடந்து மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. ரவாங் வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். இப்போது வேறொரு ஃபேக்டரியில் சம்பளம் குறைவான வேலை. காலை ஷிஃப்ட். வேன் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். வண்டி பழையது, கிடைக்குமா என்று தெரியவில்லை. தேங்காய்ப்பாலைப் பற்றி நான் இரண்டு முறை பேச்செடுத்தேன். "அப்புறம் சார்" என்று மட்டும் சொன்னாள். அந்த 'அப்புற'த்தின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

வாரத்தில் மூன்று நாள் அவர்கள் மூவரையும் மையத்துக்கு நான் கொண்டுபோகிறேன். எனக்கு வயதாகிவிட்டது, இடக்கண்ணில் புரை வளர்கிறது. இருட்டு விலகாத காலையில் எதிரே லோரியின் விளக்குகள் தெரிந்தாலே காரை ஓரம் கட்டிவிடுகிறேன். எவ்வளவு நாள் ஓட்டுவேன் என்று எனக்கே தெரியாது. அதையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று அவள் அம்மா காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "அடுத்த வாரமும் வருவீங்களா, ஐயா?"

'பார்க்கலாம்' வாய்வரை வந்துவிட்டது.

"அடுத்த வாரம் வருவேன்" என்றேன். "அதுக்கப்புறம் கண்ணு எப்படின்னு தெரியல. டாக்டரப் பார்க்கணும். உங்க மககிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்."

அவர் முகம் மாறியது. பயந்துவிட்டார். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.