இறங்காத கோடு

செய்தித்தாள் வேலையை விட்ட பிறகு, பிறர் அனுப்பும் டெக்குகளைப் படித்து இரண்டு பக்கக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு அமைந்தது. முதலீடு கேட்டு வரும் புதிய நிறுவனங்கள் தங்கள் தொழிலைப் படமும் எண்ணுமாகத் தொகுத்து அனுப்புவதைத்தான் டெக் என்கிறார்கள். கடலூர், சிதம்பரம் பக்கத்தில் பணம் போடக்கூடிய சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் கூடுவார்கள். யாரை நேரில் அழைத்துப் பேசுவது, யாரை விட்டுவிடுவது என்பதை என் குறிப்பை வைத்து முடிவு செய்வார்கள். குறிப்பில் மூன்று தலைப்புகள் உண்டு: பலங்கள், எச்சரிக்கைகள், விடை தெரியாத கேள்விகள். நிறுவனர் சொன்னது எது, நான் சரிபார்த்தது எது என்பதைப் பிரித்து எழுதுவேன். அது பழைய வேலையில் வந்த பழக்கம்.

அந்த மாதம் வந்ததில் ஒன்று, இறால் குட்டையில் மிதக்கும் ஒரு கருவி. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் பண்ணைக்காரரின் கைபேசியில் மணி அடிக்கும். உடனே ஓடிப்போய்த் தண்ணீரைக் கலக்கும் விசிறிகளைப் போடலாம். தாமதமானால் விடிவதற்குள் இறால் செத்து மிதக்கும். கருவியை விற்பதில்லை, குட்டைக்கு மாத வாடகை. நிறுவனர் கிள்ளைப் பக்கத்து விவசாயக் குடும்பம், சிதம்பரத்தில் பொறியியல் படித்தவர். கூட ஒரு கூட்டாளி.

டெக் சுத்தமாக இருந்தது. வருமானப் படத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பச்சைக் கோடு, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. நான் ஐப்பசி, கார்த்திகை இருக்கும் இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஏறியது. நம் பக்கத்தில் மழைக்கு முன்னால் இறாலைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் குட்டையைச் சும்மா போட்டுவிடுவார்கள். இறால் இல்லாத குட்டைக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

எச்சரிக்கை என்று எழுதுவதற்கு முன் அந்தத் தரப்பைக் கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்டேன். நிறுவனர் பேருந்து ஏறி மறுநாளே நான் இருக்கும் கடலூருக்கு வந்துவிட்டார்.

"அக்கா, வருசக் கணக்கு சரிதான். ஒரு ரூபா கூட பொய் இல்ல. மாசத்துக்குதான் பரத்திப் போட்டோம்."

"பரத்திப் போட்டா சமமால்ல இருக்கணும்? ஏறுதே."

அவர் மடிக்கணினியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். "சென்னைல ஒருத்தரு டெக்க திருத்திக் குடுத்தாரு. கோடு எறங்குச்சின்னா பணம் போடறவங்க அடுத்த பக்கத்துக்கே போவ மாட்டாங்கன்னாரு. கொஞ்சம் ஏத்தமா பரத்துங்கன்னாரு."

"பரத்துனதுதான்னு கீழ எங்கயாவது எழுதுனீங்களா?"

"இல்ல."

உண்மைக் கணக்கைக் காட்டச் சொன்னேன். வங்கிக் கணக்கு விவரத்தையும் திறந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாகப் பார்த்தேன். பொருந்தின. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். பள்ளம் என்றால் ஏறக்குறைய வெறுந்தரை. ஆனால் வாடிக்கையாளர் வரிசையைப் பார்த்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மழைக்கு முன் கருவியைத் திருப்பிக் கொடுத்தவர்களில் இருவரைத் தவிர மற்ற அத்தனை பேரும் குட்டையில் இறால் குஞ்சு விட்டதும் மறுபடி வாங்கியிருந்தார்கள். சிலர் கூடுதலாக இன்னொரு குட்டைக்கும். கையைவிட்டுப் போன ஒன்றைத் தேடி வந்து மறுபடி வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். டெக்கில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"இத ஏன் போடல?"

"போட்டா பள்ளமும் தெரியும்லக்கா."

இதைப் பலங்களில் முதலாவதாக எழுதுவேன் என்றேன். படத்தை மாற்றியதை எச்சரிக்கையில் எழுதுவேன் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அத கேள்வில போட்டுடுங்கக்கா. எச்சரிக்கைன்னு பாத்தாலே தூக்கிப் போட்டுடுவாங்க."

"கேள்வின்னா அதுக்கு பதில் எனக்குத் தெரியாம இருக்கணும். நீங்கதான் சொல்லிட்டீங்களே."

"தை பொறந்தா குஞ்சு விட ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்கு முன்ன புதுக் கருவி செஞ்சாவணும். இந்தக் கூட்டம் போச்சின்னா முதல் வெள்ளாமை போச்சி. கூட்டாளி பெங்களூர் வேலைக்கு ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அவனும் போனா நான் மட்டும் என்னா பண்றது?"

நான் 'கூட்டாளி இருப்பாரா?' என்று குறித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்தது.

"பேப்பர்லயும் இப்டித்தான் எழுதுவீங்களா? அதான் வேலைய விட்டுப் போவச் சொல்லிட்டாங்களா?"

"அவுங்க சொல்லல. நானேதான் வந்தேன். டீ குடிக்கிறீங்களா?"

குடித்தார். டெக்கை மாற்றி அனுப்பட்டுமா என்றார். அனுப்புங்கள், ஆனால் முதல் டெக் ஏற்கெனவே எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்விட்டது, இரண்டையும் சேர்த்தே வைப்பேன் என்றேன்.

குறிப்பில் எச்சரிக்கையை இப்படி எழுதினேன்: 'வருமானப் படம் உண்மையான மாத வரவு அல்ல. ஆண்டு வரவை ஏறுமுகமாகப் பிரித்துப் போட்டது. அப்படிச் செய்ததை டெக் சொல்லவில்லை. கேட்டதும் நிறுவனர் ஒப்புக்கொண்டு மூலக் கணக்கைக் காட்டினார். அது வங்கி வரவோடு பொருந்துகிறது.' விடை தெரியாத கேள்விகளில் மூன்று: திரும்பி வராத இருவர் ஏன் வரவில்லை? மழை மாதங்களில் சம்பளம் எங்கிருந்து வரும்? கூட்டாளி இருப்பாரா? நேரில் அழைக்கலாம் என்று பரிந்துரைத்தேன்.

கூட்டத்தில், குழுவில் ஒருவரான ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் குறிப்பின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"எடுத்த எடுப்புலயே கோட்ட மாத்திக் காட்டுறான். பணம் கைக்குப் போனப்புறம் நமக்கு என்னத்த காட்டுவான்?"

எதிரில் இருந்தவர் ஐஸ் தொழிற்சாலைக்காரர், மேலாளருக்குத் தூரத்து மைத்துனர். பரங்கிப்பேட்டைப் பக்கம் அவருக்கே இறால் குட்டை உண்டு. படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கார்த்திகைல எங்குட்டைல நண்டுதான் ஓடுது. இவன் கோடு மட்டும் மேல போவுது பாருங்க மாமா!"

"சிரிக்கிற விசயமா மச்சான் இது?"

"இல்ல மாமா. ஆனா இத பாருங்க, விட்டுட்டுப் போனவன் திரும்பி வந்திருக்கான். எங்காளுங்க சும்மா ஒரு பொருளுக்கு ரெண்டாவது தடவ காசு குடுப்பாங்களா? இது நெசம்னா கூப்புடலாம்."

"நெசமான்னு நானே போன் போட்டுக் கேக்கறேன். அவன் சொல்ற ஆள மட்டும் கேக்க மாட்டேன். முழு லிஸ்ட்டும் வேணும்."

நிறுவனரிடமிருந்து முழுப் பட்டியல் அன்றே வந்தது. மேலாளர் ஒரு வாரம் பண்ணைக்காரர்களோடு பேசினார். பிறகு, "கூப்புடுங்க" என்று எனக்கு ஒரு வார்த்தையில் செய்தி அனுப்பினார்.

நிறுவனர் கூட்டாளியோடு வந்தார். திரையில் மேடு பள்ளப் படம் மட்டும்தான். பழைய படத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே, "மொதல்ல அனுப்புனது தப்பு சார்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். மேலாளர் அதைத் தொடரவில்லை.

"அந்த ரெண்டு பேரு ஏன் திரும்பி வரல?"

"ஒருத்தரு குட்டைய குத்தகைக்கு விட்டுட்டு சிங்கப்பூர் போயிட்டாரு சார். இன்னொருத்தரு எங்க மாமா. ஓசியா கேட்டாரு, குடுக்கல."

ஐஸ் தொழிற்சாலைக்காரர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா, மாமாவுக்கே குடுக்கல. நம்ம பணத்த வீணாக்க மாட்டான்."

மழை மாதங்களுக்கு என்ன வழி என்று மேலாளர் கேட்டார். "தெரியல சார், அப்ப நாங்க ரெண்டு பேரும் சம்பளம் எடுக்கல" என்றார் நிறுவனர்.

கேட்ட தொகையில் பாதியை உடனே கொடுப்பது, மீதியை முதல் இறால் பிடிப்புக்குப் பிறகு முடிவு செய்வது, மாதா மாதம் வங்கி விவரம் அனுப்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவது என்று முடிவானது. ஆவணங்களைச் சரிபார்த்து மார்கழிக்குள் பணம் போய்ச் சேர்ந்தது. பாதிப் பணத்தில் எல்லோருக்கும் கருவி செய்ய முடியாது. புதிதாகக் கேட்டவர்களை நிறுத்திவைத்து, திரும்பி வந்தவர்களின் குட்டைகளுக்கு மட்டும் செய்தார்கள். கூட்டாளி பெங்களூர் வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே சேரும் தேதியை இறால் பிடிப்பு முடியும்வரை தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறாராம்.