யாருடைய ஸ்கின் கலர்

“கருப்பா இருக்கிற பொண்ணுக்கு வெள்ளை யூனிஃபார்மா? உள்ள போட்டிருக்கறது எல்லாம் தெரியப் போவுது, பாத்துக்க.”

நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது சித்தி சொன்னது இதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தச் சந்தோஷத்தில் இருந்ததால் அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வெள்ளை உடுப்பு எனக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

முதல் வருடத்தில் விளக்கேற்றும் விழா உண்டு. அன்றைக்குத்தான் மாணவிகள் முதன்முதலாக வெள்ளை டாப்ஸும் பேண்ட்டுமாக முழு யூனிஃபார்மில் மேடையேறுவோம். உறுதிமொழியை ஒருத்தி முன்னால் நின்று வாசிக்க, மற்றவர்கள் பின்னால் திருப்பிச் சொல்வார்கள். வாசிக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரே அறையும் சமையல்கட்டுமான எங்கள் வீட்டில் அதைச் சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். அம்மா கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ஃபாக்டரியிலிருந்து வரும் வழியில் எனக்குப் புதிதாக வெள்ளை உள்ளாடைகளும் வெள்ளை ஸ்லிப்பும் வாங்கி வந்தாள். “வெள்ளைக்கு வெள்ளைதான்டி” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வகுப்பில் அநேகமாக எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

ஒத்திகை நாளில் பொறுப்பாசிரியை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், எவ்வளவு கோபம் வந்தாலும் ‘மா’ போட்டுத்தான் பேசுவார்.

“ஏன்மா, இந்த போட்டோ பாரு.”

அவருடைய போனில் நான். மேடையில் முன்னும் பின்னும் பெரிய விளக்குகள். என் முதுகில் ப்ராவின் பட்டைகள் கோடு போட்டதுபோல் பளிச்சென்று தெரிந்தன. ஸ்லிப் முடிகிற இடம் இடுப்புக்குக் கீழே இன்னொரு கோடு. அதற்கும் கீழே, வெளிச்சம் ஊடுருவி, கால்களின் வடிவம்.

“சண்டேக்குள்ள சரி பண்ணிடு. ஸ்கின் கலர் போடுமா. இல்லேன்னா உன்னைப் பின்வரிசையில நிக்க வெச்சிட்டு வேற பொண்ண வாசிக்க வெக்கணும். பேரண்ட்ஸ் வர்ற இடம், அசிங்கமா இருக்கும்.”

பின்வரிசை. அந்த ஒரு சொல்லைத்தான் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெயின் ரோட்டில் உள்ளாடைக் கடை வைத்திருக்கும் அக்கா கன்னடக்காரர். தமிழும் நன்றாகப் பேசுவார். ஸ்கின் கலர் கேட்டதும் பார்க்காமலே கையை நீட்டி ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே இருந்தது இளஞ்சிவப்பு கலந்த மங்கல் வெள்ளை, பேபி பவுடர் டப்பா மாதிரி ஒரு நிறம். எல்லோரும் அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வாங்கி வந்தேன்.

வீட்டில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, தங்கையை என் போனில் முதுகைப் படம் எடுக்கச் சொன்னேன்.

“அக்கா, இதுவும் தெரியுது. ஆனா கொஞ்சம் அழுக்காத் தெரியுது.”

“அழுக்கு உன் கண்ணுல.”

“நீயே பாரு.”

பார்த்தேன். அவள் சொன்னது சரி. வெள்ளையைவிடக் கோடு மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். என் வகுப்பில் மங்களூர்ப் பெண் ஒருத்தி இதையேதான் போடுகிறாள். அவள் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அவள் சிவப்பு. அந்தப் பெட்டியின் நிறமும் அவள் தோளும் ஒன்று. என் தோள் அப்படி இல்லை.

கழற்றி, அதைத் தோள்மேல் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மெல்லிய வெள்ளைத் துணிக்கு உள்ளே இருப்பது தோலைவிட வெளுப்பாக இருந்தாலும் கண்ணில் படும், கருப்பாக இருந்தாலும் படும். தோலோடு ஒன்றாகக் கலந்தால்தான் ஓரம் மறையும். அப்படியானால் கடையில் ‘ஸ்கின்’ என்று சொல்லும்போது யாருடைய ஸ்கின்? எனக்குக் கோபம் வந்தது. சித்தி என் நிறத்தில் குறை கண்டாள். குறை பெட்டியின் பெயரில் இருந்தது.

திரும்பக் கடைக்குப் போனேன்.

“அக்கா, காபி கலர்ல இருக்கா? பால் கம்மியா ஊத்துன காபி.”

அவர் சிரித்தார். “பிரவுனா? அது டார்க் ட்ரெஸ்ஸுக்குத்தான் கேப்பாங்க. வெள்ளைக்கு யாரும்மா பிரவுன் போடுவாங்க? சும்னே, சும்மா காசு வேஸ்ட்.”

“என் கையில வெச்சுப் பாருங்க.”

என் முழங்கையின் உட்புறத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்று இன்னும் கருப்பு, ஒன்று செங்கல் நிறம். மூன்றாவதை வைத்தபோது அவரே, “அய்யோ, காணோமே!” என்றார். கடைக்கு வந்திருந்த இன்னொரு பெண்ணும் எட்டிப் பார்த்துத் தன் கையை நீட்டினாள்.

வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். பட்டைகள் மறைந்தன. ஆனால் விளக்கு பின்னாலிருந்து அடித்தால் உடம்பின் வடிவம் தெரிவது நிறத்தால் தீராது. அதற்குத் துணி கனமாக வேண்டும். இல்லையென்றால் உள்ளே இன்னொரு துணி வேண்டும். அன்று இரவு அம்மா யூனிஃபார்மைப் பிரித்தாள்.

“ஸ்லிப்ப போடாத. லைனிங் வெச்சிர்றேன்,” என்றாள்.

மெல்லிய வெள்ளைக் காட்டன் துணியை முதலில் நனைத்து உலர்த்தினோம். அப்படியே வைத்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி மேல்துணியை இழுத்துக்கொள்ளும். வேர்க்கும் என்று அம்மா இடுப்புவரை மட்டும் வெட்டித் தைத்தாள். மறுநாள் காலை ஜன்னலுக்கு எதிரில் போட்டுப் பார்த்தால், லைனிங் முடிகிற இடத்தில் மறுபடியும் ஒரு கோடு.

“அடிப்போடி, இது என்னாடி ரோதனை!”

“நீதானம்மா கொறச்சு வெட்டுன.”

“வேர்க்கும்னு சொன்னேன். நீ வெந்து போவ.”

“வேர்த்தா வேர்க்கட்டும். கீழ வரைக்கும் வை.”

முணுமுணுத்துக்கொண்டே பிரித்து, டாப்ஸின் கீழ்மடிப்புக்குச் சற்று மேலே வரும்படி வைத்தாள். அடியில் தைத்து மூடாமல் தொங்கவிட்டாள், நடக்கும்போது இழுக்காது. கைக்கு லைனிங் வேண்டாம் என்று இருவருமே சொன்னோம். பேண்ட்டில் இன்னொரு வேடிக்கை: பாக்கெட்டின் உள்பை இரண்டு சதுரங்களாக வெளியே தெரிந்தது. அதையும் வெட்டி எடுத்து வாயைத் தைத்துவிட்டு, அதற்கும் அடிவரை லைனிங் கொடுத்தாள். பாக்கெட் போனதுதான் இன்றுவரை எனக்கு வருத்தம்.

கடைசி ஒத்திகையில் ஆசிரியை என்னைப் பின்னால் திரும்பச் சொன்னார், விளக்கைப் போடச் சொன்னார், போனைத் தூக்கினார். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“என்ன கலர்மா உள்ள?”

“பிரவுன், மேடம்.”

“நான் ஸ்கின் கலர்தானே போடச் சொன்னேன்?”

“அதுதான் மேடம் போட்டிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவரும் என் நிறம்தான். “முன்னால நில்லு,” என்றார்.

விழாவில் வாசித்தேன். உடுப்பைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை. நல்ல உடுப்பு என்றால் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது இரண்டாம் வருடம். புதிதாக வந்திருக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் உடை விதிகளில் இன்னும் ‘ஸ்கின் கலர் இன்னர்’ என்றே இருக்கிறது. அதை மாற்ற வேண்டும், துணிக்கு லைனிங் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்று சொன்னால் பார்க்கத்தானே வேண்டும்? லைனிங் வைத்த டாப்ஸ் ஒன்றையும் வைக்காதது ஒன்றையும், இரண்டுக்குள்ளும் என் தோல் நிறத்தில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் ஒரு பக்கம் வெள்ளைப் பட்டையும் மறுபக்கம் காபி நிறப் பட்டையும் பின் குத்தி, பிரின்சிபால் அறைக்கு எதிரே வெயில் விழும் ஜன்னலில் இன்று காலை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.