துலுக்கானம் விட்ட ஒரு விடை

திருமுல்லைவாயிலில் தான் பிறந்த தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் துலுக்கானம். அப்பாவும் அம்மா வேம்புலியம்மாளும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். பட்டணத்துக்கு ரயிலேறிப் போய் இண்டர்மீடியட்டில் கணக்கு எடுத்துப் படித்தான். பிறகு வாத்தியார் பயிற்சியும் முடித்தான். இதெல்லாம் முடிந்தது 1938இல்.

அந்த ரயிலில்தான் வரதன் பழக்கமானான். கோவில்பதாகையில் சொந்த நிலபுலம் உள்ள வீட்டுப் பையன். ஆவடியில் ஏறி, கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்து, பயிற்சிக்கும் கூடவே வந்தான். துலுக்கானத்தின் வீட்டில் உட்கார்ந்து கூழ் குடித்திருக்கிறான். அந்தக் காலத்தில் அவன் வகையறாவில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. வேம்புலியம்மாளுக்கு அதைத் தெரு முழுக்கச் சொல்லி மாளவில்லை.

அடுத்த வருஷம் பூந்தமல்லியில் புதிதாக வந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் தேவைப்பட்டது. அங்கே கொடுத்த சம்பளத்துக்கு பி.ஏ. படித்தவர் யாரும் வரவில்லை. அதனால் இவர்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். ஒரே பாடத்தை இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடத்திக் காட்ட வேண்டும். பாடமும், அதில் கட்டாயம் போட வேண்டிய ஒரு கணக்கும் தபாலில் வந்தன. இருபடிச் சமன்பாட்டுக்கு எத்தனை மெய் மூலங்கள் என்று, மூலங்களைக் கண்டுபிடிக்காமலே சொல்வதுதான் பாடம்.

துலுக்கானத்துக்கு ரொம்பப் பிடித்த பாடம் அது. மூன்று நாள் உட்கார்ந்து நோட்டில் எழுதினான். நான்காம் நாள் வரதன் வீட்டுக்கு எடுத்துப் போனான்.

"போட்டின்னு நெனைக்காதே. ஒரு தபா பாத்துடு. எங்கனா தப்பு இருந்தா சொல்லு."

வரதன் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தான். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றான். துலுக்கானம் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போய் வந்தபோது நோட்டு மூடியிருந்தது.

"நல்லா கீது. ஒண்ணுமே மாத்தாதே" என்றான் வரதன்.

திங்கட்கிழமை பாடம். முதலில் துலுக்கானம். பள்ளி இறுதி வகுப்பான ஆறாம் பாரத்துப் பிள்ளைகள் முன்னால். பின் பெஞ்சில் தலைமையாசிரியரும், கோவிந்தன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும்.

பலகையில் மூன்று சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான்.

x² − 6x + 5 = 0
x² − 6x + 9 = 0
x² − 6x + 10 = 0

"கடைசி எண் மட்டுந்தான் மாறுது. இப்போ b² − 4ac பாருங்க. முதல்ல முப்பத்தாறுல இருபது போனா பதினாறு. பூஜ்யத்தைவிடப் பெரிசு, ரெண்டு வெவ்வேறு மூலம். அடுத்ததுல முப்பத்தாறுல முப்பத்தாறு போனா பூஜ்யம். மூலம் ரெண்டும் ஒண்ணாயிடும், மூணு மட்டுந்தான். மூணாவதுல முப்பத்தாறுல நாப்பது போவணும். மைனஸ் நாலு. மைனஸ் நாலுக்கு மெய் எண்ணுல வர்க்கமூலம் கெடையாது. அதனால மெய் மூலமே இல்லே."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஒரு பெண் இரண்டாவதைக் காரணிப்படுத்திப் பார்த்து, ஆமாம் சார், மூணுதான், என்றாள். தலைமையாசிரியர் ஏதோ குறித்துக்கொண்டார். துலுக்கானத்துக்குக் குரல் தானாகவே உயர்ந்தது.

பிறகு கட்டாயக் கணக்கு: (k − 2)x² + 2(k − 2)x + 3 = 0. மூலங்கள் சமமாக இருக்க k என்ன?

"b² − 4ac பூஜ்யமா வரணும். 4(k − 2)² − 12(k − 2). பொதுவா வெளியே எடுத்தா 4(k − 2)(k − 5). இது பூஜ்யம்னா, k ரெண்டு. இல்லேன்னா அஞ்சு." இரண்டு விடைகளுக்கும் அடியில் கோடு போட்டான்.

கோவிந்தன் எழுந்தார். "சார், k-க்கு ரெண்டு போட்டு சமன்பாட்டை எழுதுங்க."

எழுதினான். x² போயிற்று. x போயிற்று. பலகையில் 3 = 0 என்று நின்றது.

இரண்டு போட்டால் அது இருபடிச் சமன்பாடே இல்லை. மூலம் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஐந்து மட்டுந்தான் விடை: 3x² + 6x + 3 = 0, மூலம் −1. கோவிந்தன் சொல்வதற்கு முன்பே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டை அழித்தான். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்து, அதுவரை வெளியே காத்திருந்த வரதன். அவன் கணக்கைத் தொடுவதற்கு முன்பே பலகையின் ஓரத்தில் பெரிதாக எழுதினான்: k − 2 பூஜ்யம் ஆகக் கூடாது. "இதை மொதல்ல பாக்காம b² − 4ac-ஐத் தொடாதீங்க" என்றான் பிள்ளைகளிடம். அரைமணியில் வேலை அவனுக்கு என்று முடிவாயிற்று.

துலுக்கானம் ஆவடிப் பக்கம் தனியாக நடந்தான். தான் பார்க்காமல் விட்டதை வரதன் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்த் தனியாக யோசித்தபோது தோன்றியிருக்கும். அப்படித்தான் மனசுக்குச் சொல்லிக்கொண்டே போனான். வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, எங்கே விட்டோம் என்று பார்க்க நோட்டைப் பிரித்தான்.

சாய்ந்த வெயில் தாளில் பட்டது. 'k = 2' என்று எழுதியிருந்ததன் ஓரத்தில் தாள் லேசாக உரிந்திருந்தது. ரப்பரால் அழித்த இடம். பென்சில் அழுந்திய பள்ளம் மட்டும் போகவில்லை. ஒரு கேள்விக்குறி. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'x² போயிடுமே'. வரதனின் கையெழுத்து.

நேரே கோவில்பதாகைக்குப் போனான். வரதன் வாசலிலேயே நின்றிருந்தான். துலுக்கானம் அந்தப் பக்கத்தை நீட்டினான். வரதன் அதை வாங்கவில்லை.

"எனக்கும் அந்த வேலை வேணும்டா" என்றான்.

"வேணும்னா, பாக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வேற யாருகிட்டயாவது காட்டியிருப்பே."

துலுக்கானம் நோட்டை மூடினான். தப்பு தன்னுடையது, அதை அவன் மறுக்கவில்லை. எழுதியதும் அவன், கோடு போட்டதும் அவன். ஆனால் எழுதிய கேள்விக்குறியை ரப்பர் தேடி எடுத்து அழித்த கை அவனுடையது இல்லை.

"எங்கம்மா இன்னாடா பண்ணா உனக்கு?" என்று மட்டும் கேட்டான். வரதன் உள்ளே போய்விட்டான்.

வீட்டில் வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னான். வேம்புலியம்மாள், "வரதனுக்காச்சும் கெடைச்சுதே, உன்னையும் அங்கே உள்ள இஸ்துக்குவான்" என்றாள். அதற்கு அவன் தலையாட்டினான். அவள் சாகும்வரை அவன் உண்மையைச் சொல்லவில்லை. நெஞ்சை அதுதான் அதிகம் அறுத்தது என்று பின்னாளில் மனைவி நாகவல்லியிடம் சொன்னான்: ஏமாந்தது ஒரு பக்கம், ஏமாற்றியவனைத் தன் அம்மா வாழ்த்தியதைக் கேட்டுக்கொண்டு நின்றது இன்னொரு பக்கம்.

யுத்தம் வந்தது. ஆவடியில் ராணுவ முகாம் எழும்பியது. அதன் கிடங்கில் சாமான் சரிபார்க்கும் வேலை துலுக்கானத்துக்குக் கிடைத்தது. பெட்டிகளை எண்ணிக் குறிப்பது, மூளைக்கு வேலையில்லை. எதையும் இரண்டு முறை தானே பார்த்துக்கொள்வான். பக்கத்து ஆள், குடு, நான் பாக்குறேன், என்றால் கொடுக்க மாட்டான். அதனால் அங்கே அவனுக்குச் சிநேகிதர் என்று யாரும் சேரவில்லை.

1944இல் ஒரு நாள் ஆவடி ஸ்டேஷனில் வரதன் எதிரே வந்தான். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இன்னொரு கணக்கு வாத்தியார் இடம் காலியாகப் போகிறது என்றான்.

"நான் சொன்னா எடுத்துக்குவாங்க. நீ ஒரு மனு மட்டும் போடு."

துலுக்கானத்துக்கு அந்த வேலை வேண்டும். கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்ற ஆசை ஒரு நாளும் அவனைவிட்டுப் போனதில்லை. வரதன் மனசாரத்தான் சொல்கிறானோ என்னவோ. அதைக் கண்டுபிடிக்கத் துலுக்கானத்திடம் வழி எதுவும் இல்லை. முன்பு ஒரு வழி இருந்தது, அவன் முகத்தைப் பார்த்தாலே போதும்.

"வேணாம் வரதா" என்றான்.

வண்டி வந்தது. வரதன் ஏறிய பெட்டியில் இடம் இருந்தது. துலுக்கானம் நடைமேடையிலேயே நின்று, அடுத்த வண்டிக்குக் காத்திருந்தான்.